சாய்வு ஒன்று, தலைகீழ் வேறு: மடிந்த பாறையை வரைபடத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

மடிந்த பாறை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பள்ளிப் புத்தகத்துப் படம்தான். அலை அலையாக ஏறி இறங்கும் கோடுகள், மேடாக வளைந்தால் ஒரு பெயர், பள்ளமாக வளைந்தால் இன்னொரு பெயர். படத்தில் தவறு இல்லை. ஆனால் அதை மட்டும் பார்த்தவர்களிடம் இரண்டு எண்ணங்கள் ஆழமாகப் பதிந்துவிடுகின்றன. ஒரு சரிவில் எல்லா அடுக்குகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அங்கே மடிப்பு கிடையாது என்பது ஒன்று. மேலே இருக்கும் அடுக்கு கீழே இருப்பதைவிட இளையது என்பது மற்றொன்று. மடிப்பு நெருக்கமாகிவிட்ட மலைகளில் இரண்டும் பொய்த்துப்போகும்.

ஏன் என்று விளக்க ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். முதல்முறையாகத் தனியே வரைபடம் தயாரிக்கப் போன ஒரு நிலவியல் மாணவியின் கதை. மாணவியும், அவள் நடந்த சரிவும், அவள் எடுத்த அளவுகளும் கற்பனை. ஊரும், பாறைகளின் பெயர்களும், அவற்றின் வரிசையும் உண்மை.

## முதலில் ஒரு சேலை

ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட சேலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். விரித்துப் போட்டால் அச்சுப்பக்கம் முழுவதும் மேலே இருக்கும். அதை இரண்டாக மடித்து, அழுத்தித் தேய்த்து, ஒரு சாய்பலகையில் வையுங்கள். இப்போது விளிம்பைப் பார்த்தால் இரண்டு துணி அடுக்குகள் தெரியும், இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். இவை இரண்டு துணிகளா, மடித்த ஒரே துணியா? சாய்வை எத்தனை முறை அளந்தாலும் பதில் கிடைக்காது. பதில் கிடைக்க இரண்டே வழிகள். ஒவ்வோர் அடுக்கிலும் அச்சுப்பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பார்க்கலாம். இல்லையென்றால் மடிந்த இடத்தையே தேடிப் போகலாம்.

பாறையிலும் இதே இரண்டு வழிகள்தான். மணலும் சேறும் தண்ணீரில் படியும்போது உண்டாகும் ஒவ்வொரு படுகையும் ஓர் அடுக்கு. பின்னாளில் மலைகள் உருவாகும் நெருக்குதலில் அடுக்குகள் வளைவதுதான் மடிப்பு. வளைவின் இரு பக்கமும் நீளும் பகுதிகளைப் புயங்கள் என்போம். இரு புயங்களும் சந்தித்துத் திரும்பும் இடம் மடிமுனை. நெருக்குதல் கூடக்கூட இரு புயங்களும் ஒன்றையொன்று நெருங்கிக் கடைசியில் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். அப்படிச் சாயும்போது ஒரு புயம் நேராக இருக்கும், மற்றது தலைகீழாகப் புரண்டிருக்கும்.

சுருக்கமாக: சாய்வு என்பது அடுக்கு எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பது. மேல்பக்கம் என்பது அது படிந்த காலத்தில் எந்த முகம் வானத்தைப் பார்த்தது என்பது. முதலாவதைத் திசைகாட்டியால் அளக்கலாம். இரண்டாவதைப் பாறைக்குள்ளேதான் தேட வேண்டும்.

## கின்லாக்லெவன் சரிவில்

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைப்பகுதியில் லெவன் என்ற நீண்ட கடல் கழியின் தலைமாட்டில் கின்லாக்லெவன் என்ற சிற்றூர் இருக்கிறது. மடிப்புகளைப் படிக்க பிரிட்டனின் நிலவியல் மாணவர்கள் போகும் இடங்களில் ஒன்று. இங்குள்ள பாறைகள் எழுபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மணலும் சேறுமாகப் படிந்தவை. சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த மலையாக்கத்தில் நெருக்குண்டு, சூடேறி, மணல் குவார்ட்சைட் என்ற கெட்டியான வெளிர்நிறப் பாறையாகவும், சேறு ஷிஸ்ட் என்ற மினுமினுக்கும் தகட்டுப் பாறையாகவும் மாறின.

வரிசை இப்படிப் போகும். மூத்ததிலிருந்து: எல்டா குவார்ட்சைட், எல்டா ஷிஸ்ட், பின்னீன் குவார்ட்சைட், பின்னீன் ஷிஸ்ட், க்ளென்கோ குவார்ட்சைட், லெவன் ஷிஸ்ட். பெயர்கள் நினைவில் நிற்காவிட்டால் பரவாயில்லை. குவார்ட்சைட்டும் ஷிஸ்ட்டும் மாறி மாறி வருகின்றன, புதியவர் கண்ணுக்கு ஒரு குவார்ட்சைட் இன்னொன்றைப் போலவே இருக்கும். இது தெரிந்தால் போதும். கதையின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

மாணவிக்கு ஆறு வாரம். கையில் 1:10,000 அளவு வரைபடத்தாள், அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் நூறு மீட்டர். திசைகாட்டி, சாய்வுமானி, கைலென்ஸ், சுத்தியல், பென்சில்கள். மழையும், மிட்ஜ் எனும் பொடிப்பூச்சிகளும் அங்கே கோடையில் சாதாரணம்.

முதல் வாரம் ஓர் ஓடையைப் பிடித்து வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஏறினாள். முதலில் குவார்ட்சைட், 120 மீட்டர் அகலம், தென்கிழக்குப் பக்கம் 50 பாகை சாய்வு. அடுத்து ஷிஸ்ட், 200 மீட்டர். அதற்கு அப்பால் மறுபடி குவார்ட்சைட், 100 மீட்டர் அகலம், அதுவும் தென்கிழக்குப் பக்கமே, 70 பாகை சாய்வு.

முதல் குவார்ட்சைட்டில் ஒரு நல்ல வேலையும் செய்தாள். அதன் மேல்பக்கம் எது என்று பார்த்தாள். தென்கிழக்கு, அதாவது ஷிஸ்ட் இருக்கும் பக்கம். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் மேலே போகப் போக இளைய பாறை என்று எடுத்துக்கொண்டாள். முதலாவதைப் பின்னீன் குவார்ட்சைட் என்றும், நடுவில் இருப்பதைப் பின்னீன் ஷிஸ்ட் என்றும், மூன்றாவதை க்ளென்கோ குவார்ட்சைட் என்றும் எழுதினாள். தெரிந்த வரிசையோடு அப்படியே பொருந்தியது. பொருந்திய பிறகு சந்தேகப்பட அவளுக்குக் காரணம் தெரியவில்லை.

இரண்டாவது குவார்ட்சைட்டுக்கு வந்தபோது மழை. பாறை முழுக்கப் பாசி. மேல்பக்கம் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாய்ந்த அடுக்கு ஒன்று கிடைத்தளத்தை வெட்டும் கோட்டின் திசையை ஸ்டிரைக் என்பார்கள். முதல் குவார்ட்சைட்டில் அது வடக்கிலிருந்து கிழக்காக 27 பாகை, இரண்டாவதில் 37 பாகை. பத்துப் பாகை வித்தியாசத்தை அளவுப் பிழை என்று நினைத்து, சராசரியாக 32 என்று வைத்துக்கொண்டாள். இரு குவார்ட்சைட் பட்டைகளையும் இணைகோடுகளாகத் தென்மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு நீட்டினாள். அந்த வழியில் பெரும்பகுதி பாறையே தெரியாத கரிச்சதுப்பு. நேரில் பார்த்த எல்லையைத் தொடர்கோடாகவும், ஊகித்த எல்லையைப் புள்ளிக்கோடாகவும் வரைவது மரபு. அவள் எல்லாவற்றையும் தொடர்கோடாக வரைந்து, அன்றிரவே மை போட்டுவிட்டாள்.

அளவுகளை அன்றிரவே மையில் எழுதிவைப்பது நல்ல பழக்கம், மழையில் பென்சில் அழிந்துபோகும். ஆனால் எல்லைக்கோடு அளவு இல்லை, அது ஒரு முடிவு. முடிவுக்கு மை போடும் அவசரம்தான் அவள் செய்த தவறு என்று நான் சொல்வேன். மற்றவை அதன் பின்னால் வந்தவை.

சுருக்கமாக: மூன்று பட்டைகள், ஒரே பக்கச் சாய்வு, ஒரே ஓர் இடத்தில் மட்டும் பார்த்த மேல்பக்கம். அதை வைத்து மற்ற இரண்டு பட்டைகளுக்கும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

## "இதில் எது மேல்பக்கம்?"

மூன்றாவது வாரம் மேற்பார்வையாளர் ஒரு நாள் வந்தார். மாணவர்களின் களப்பணியில் இப்படி ஒரு வருகை இருப்பது வழக்கம். வரைபடத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது குவார்ட்சைட்டின் முன்னால் போய் நின்றுகொண்டு, "இதில் எது மேல்பக்கம்?" என்று கேட்டார்.

"தென்கிழக்கு. அடுக்கு அந்தப் பக்கம்தானே சாய்ந்திருக்கிறது" என்றாள்.

"அது சாய்வு. நான் கேட்டது மேல்பக்கம்."

இருவரும் பாசியைச் சுரண்டி, பாறைமீது தண்ணீர் தெளித்தார்கள். ஈரமான குவார்ட்சைட்டில் கோடுகள் பளிச்சென்று தெரியும். சாய்வாக விழும் வெயில் இருந்தால் இன்னும் தெளிவு. அன்றைக்கு வெயிலுக்காகச் சற்று நேரம் உட்கார்ந்திருக்கவும் வேண்டியிருந்தது.

அவர்கள் தேடியது குறுக்கடுக்கு. தண்ணீர் மணலை உருட்டிக்கொண்டு போகும்போது, மணல்மேட்டின் முன்சரிவில் மணல் சரிந்து விழுந்து சாய்ந்த மெல்லிய தகடுகளாகப் படியும். ஒவ்வொரு தகடும் கீழே வரும்போது மெல்ல வளைந்து, அடித்தளத்தோடு வழுக்கினாற்போல் சேரும். மேல் முனை அப்படி இருக்காது. அடுத்து வரும் நீரோட்டம் மேட்டின் தலையை அரித்துவிட்டு, அதன்மேல் புது மணலைப் போடும். ஆகவே சாய்ந்த தகடுகள் மெல்ல வளைந்து சேரும் பக்கம் அடி, கத்தியால் நறுக்கினாற்போல் வெட்டுப்படும் பக்கம் மேல். மணல் பாறையாகி, பாறை மடிந்து, தலைகீழாகப் புரண்டாலும் இந்த அடையாளம் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. கனமான கரு மணிகள் தகடுகளின் வழியே சேர்ந்திருப்பதால் வெள்ளைக் குவார்ட்சைட்டில் மெல்லிய கருங்கோடுகளாக அவை தெரியும். சேலையின் அச்சுப்பக்கம் இதுதான்.

ஈரப் பாறையில் நறுக்கப்பட்ட முனைகள் வடமேற்குப் பக்கம் இருந்தன. சாய்வு தென்கிழக்கே, மேல்பக்கம் வடமேற்கே. அடுக்கு தலைகீழ்.

அவள் உடனே அழிப்பானை எடுத்தாள். மேற்பார்வையாளர் தடுத்தார். "ஓர் இடத்தைப் பார்த்து ஒரு வரைபடம் போட்டாய். இன்னோர் இடத்தைப் பார்த்து இன்னொன்று போடாதே."

## ஏன் ஓரிடம் போதாது

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. ஒரு பெரிய மடிப்பின் புயத்திலேயே சில மீட்டர் அளவுள்ள குட்டி மடிப்புகள் இருக்கும். குட்டி மடிப்பின் நடுத்துண்டில் நின்று பார்த்தால் மேல்பக்கம் பெரிய புயத்துக்கு நேரெதிராகத் தெரியலாம். தவிர, நெருக்குதலில் பாறை நீண்டு தட்டையாகியிருந்தால் குறுக்கடுக்கின் கோணம் மங்கி, அடியும் மேலும் ஒரே மாதிரி தோன்றும்.

அடுத்த மூன்று நாளும் அவள் அந்தப் பட்டையிலேயே இருந்தாள். தெளிவான குறுக்கடுக்கு பதினோரு இடங்களில் கிடைத்தது. ஒன்பதில் மேல்பக்கம் வடமேற்கு. இரண்டில் தென்கிழக்கு, அந்த இரண்டும் ஒரே குட்டி மடிப்பின் நடுத்துண்டில் இருந்தன. அப்புறம்தான் பட்டை முழுவதும் தலைகீழ் என்று குறிப்பேட்டில் எழுதினாள்.

இப்போது படமே மாறுகிறது. முதல் குவார்ட்சைட்டின் மேல்பக்கம் ஷிஸ்ட்டைப் பார்க்கிறது. இரண்டாவதின் மேல்பக்கமும் ஷிஸ்ட்டைத்தான் பார்க்கிறது. அப்படியானால் நடுவில் இருக்கும் ஷிஸ்ட்தான் மூன்றில் இளையது. இரு பக்கமும் இருப்பது ஒரே பின்னீன் குவார்ட்சைட், க்ளென்கோ குவார்ட்சைட் அங்கே இல்லவே இல்லை. இப்படி நடுவில் இளைய பாறையை வைத்துக்கொண்டு மடியும் மடிப்புக்கு சின்க்லைன் என்று பெயர். இங்கே அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.

பழைய குறிப்பேட்டிலேயே இதற்குச் சாட்சி இருந்தது. சாய்ந்த அடுக்கு தரையில் அகலமாகத் தெரியும். உண்மைத் தடிமன் வேண்டுமென்றால், தரை ஏறக்குறைய சமமாக இருக்கும்போது, அகலத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும். முதல் குவார்ட்சைட்: 120 × 0.77, சுமார் 92 மீட்டர். இரண்டாவது: 100 × 0.94, சுமார் 94 மீட்டர். தரையில் வெவ்வேறு அகலத்தில் தெரிந்தவை தடிமனில் ஏறத்தாழ ஒன்றுதான். இது மட்டுமே நிரூபணம் ஆகாது, தடிமன் தற்செயலாகவும் ஒத்துப்போகலாம். ஆனால் முதல் இரவே கணக்குப் போட்டிருந்தால் ஒரு கேள்வி எழுந்திருக்கும்.

சுருக்கமாக: இரு பட்டைகளின் மேல்பக்கமும் ஒன்றையொன்று பார்த்தால் அவற்றுக்கு நடுவே இளைய பாறையுள்ள மடிப்பு இருக்கிறது. அதைச் சொல்ல ஒவ்வொரு பட்டையிலும் பல இடங்களில் பார்த்திருக்க வேண்டும்.

## மடிமுனையைத் தேடி

இரண்டாவது வழி மடிந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பது. எங்கே தேடுவது? சராசரியில் கரைத்துவிட்ட அந்தப் பத்துப் பாகை இங்கேதான் உதவியது. கவனமாகப் பிடித்தால் திசைகாட்டி ஓரிரு பாகைக்குள் சரியாகக் காட்டும். அடுக்கே லேசாக நெளிந்திருப்பதால் தனித்தனி அளவுகள் இன்னும் கொஞ்சம் விலகலாம். ஆனால் ஒரு பட்டை முழுவதிலும் 27ஐச் சுற்றியும், மற்றதில் 37ஐச் சுற்றியும் அளவுகள் வந்தால் அது பிழை இல்லை. இரண்டு பட்டைகளும் இணையாகப் போகவில்லை என்பதே அதன் பொருள்.

வடமேற்கில் இருக்கும் பட்டை 27 பாகையிலும் தென்கிழக்கில் இருப்பது 37 பாகையிலும் போனால், வடகிழக்கே போகப் போக அவை விலகும், தென்மேற்கே நெருங்கும். இடைவெளி 200 மீட்டர், நெருங்கும் கோணம் பத்துப் பாகை. இருநூறைப் பத்துப் பாகையின் டேன்ஜென்டால், அதாவது 0.176ஆல் வகுத்தால் சுமார் 1,130 மீட்டர். மடிமுனை வளைவாக இருக்கும் என்பதால் அதற்குச் சற்று முன்பே பட்டைகள் சேர்ந்துவிட வேண்டும்.

அவள் முதல் வாரத்தில் கால் வைக்காமல் இணைகோடு போட்ட அதே சதுப்பு. இந்த முறை ஒவ்வொரு சிற்றோடையாக இறங்கிப் பார்த்தாள். சதுப்பைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போகும் இடங்களில்தான் அடிப்பாறை எட்டிப்பார்க்கும். ஷிஸ்ட் பட்டை குறுகிக்கொண்டே வந்தது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் ஓர் ஓடைப்படுகையில் ஷிஸ்ட் முடிந்து, குவார்ட்சைட் அதைச் சுற்றி வளைந்து திரும்பியது. அங்கே அடுக்குகள் தென்கிழக்கே சாயவில்லை, வடகிழக்குப் பக்கம் 20 பாகை மட்டும் மெல்லச் சாய்ந்தன. மடிமுனை கிடையாக இல்லாமல் வடகிழக்கு நோக்கி இறங்குவதால் இப்படி. தென்மேற்கில் அது தரைமட்டத்துக்கு வந்துவிடுகிறது, அந்த இடத்தைத்தான் அவள் பார்த்தாள்.

## பிளவுத்தளம் சொல்வதும் சொல்லாததும்

இன்னொரு சாட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் குறுக்குவழி என்று நினைத்துத் தடுக்கி விழுபவர்கள் உண்டு. மடியும்போது பாறையின் தட்டையான கனிமங்கள் ஒரே திசையில் வரிசைப்படுவதால், பாறை எளிதில் பிளக்கும் ஒரு தளம் உண்டாகும். அதைப் பிளவுத்தளம் என்பார்கள். அது மடிப்பை நடுவில் பிரிக்கும் தளத்துக்கு ஏறத்தாழ இணையாக அமையும். மாணவியின் சரிவில் அது 60 பாகை. முதல் புயத்தில் அடுக்கு 50, பிளவுத்தளம் அதைவிடச் செங்குத்து. இரண்டாவதில் அடுக்கு 70, பிளவுத்தளம் அதைவிடப் படுக்கை. இரண்டும் ஒரே பக்கம் சாயும்போது அடுக்கு பிளவுத்தளத்தைவிடச் செங்குத்தாக இருந்தால் அடுக்கு தலைகீழ் என்று ஒரு விதி சொல்லித் தருவார்கள்.

அந்த விதி மடிப்பு வரும்வரை அடுக்குகள் நேராகக் கிடந்திருந்தால்தான் செல்லும். பிளவுத்தளம் உண்மையில் சொல்வது நாம் மடிப்பின் எந்தப் புயத்தில் நிற்கிறோம் என்பதை மட்டுமே. அடுக்குகள் முன்பே ஒருமுறை புரண்டு, பிறகு மறுபடி மடிந்திருந்தால் விதி எதிராகவே பதில் தரும். கின்லாக்லெவன் வட்டாரம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மடிந்தது. அங்கே கடைசி வார்த்தை குறுக்கடுக்குடையது.

## பெய்லிக்கும் இதே கேள்வி

இதே லெவன் கழிப் பகுதிக்கு வரைபடம் தயாரித்த நிலவியலாளர் எட்வர்ட் பெய்லி, 1910இல் இங்கே கிலோமீட்டர் கணக்கில் நீளும் படுத்த மடிப்புகள் இருப்பதாக வெளியிட்டார். பாறைகள் எந்த வரிசையில் ஒன்றையடுத்து ஒன்று வருகின்றன என்பதை அவர் மிகக் கவனமாகப் பிரித்திருந்தார். ஆனால் அந்த வரிசையின் எந்த முனை மூத்தது என்பதற்குப் பாறைக்குள்ளிருந்து எடுத்த சாட்சி அவரிடம் இல்லை. கனடாவில் குறுக்கடுக்கை வைத்து மேல்பக்கம் பார்த்துப் பழகிய டான்டன், நார்வேயின் தோரோல்ஃப் ஃபோக்ட் ஆகியோரின் வழியாகத்தான் அந்த முறை இங்கே வந்தது. 1930இல் இவர்களும் பெய்லியும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். வரிசை தலைகீழாகத் திருப்பி எழுதப்பட்டது, பெய்லி அதை ஏற்றுக்கொண்டார்.

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. அயர்லாந்தில் பேட்ரிக் கான்லி என்பவர் குறுக்கடுக்கை வைத்து மேல்பக்கம் சொல்லலாம் என்று 1856இலேயே எழுதியிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த அடையாளம் பாறையில் எல்லோர் கண்முன்னாலும் கிடந்தது.

## இரண்டு வரைபடங்கள், ஒரு துளை

மாணவியின் முதல் வரைபடத்தையும் கடைசி வரைபடத்தையும் அந்த முதல் ஓடை அருகே மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. குவார்ட்சைட், ஷிஸ்ட், குவார்ட்சைட். வித்தியாசம் ஆழத்தில் இருக்கிறது. முதல் படத்தின்படி ஷிஸ்ட் சாய்ந்தபடியே கீழே போய்க்கொண்டே இருக்கும், அதன் தடிமன் சுமார் 170 மீட்டர். கடைசிப் படத்தின்படி அது இரட்டையாக மடிந்த ஒரே ஷிஸ்ட். அதனால் தடிமன் அதில் பாதி, ஏறத்தாழ 87 மீட்டர். 50 பாகையில் ஒரு புயமும் 70 பாகையில் இன்னொன்றும் இறங்கினால் அந்த ஓடைக்கு அடியில் அதிகபட்சம் 420 மீட்டரில் அவை சந்தித்துவிடும். அதற்குக் கீழே இந்த ஷிஸ்ட் கிடையாது. அவை சந்திக்கும் இடத்துக்கு நேர் மேலிருந்து 500 மீட்டருக்குத் துளை போட்டால், அந்த ஆழத்தில் குவார்ட்சைட்தான் வர வேண்டும்.

கடைசி வரைபடத்தில் சதுப்பின் குறுக்கே போகும் கோடுகள் புள்ளிக்கோடுகள். மடிமுனை தெரிந்த ஓடைப்படுகையில் மட்டும் முப்பது மீட்டர் அளவுக்கு, தாளில் மூன்று மில்லிமீட்டர், தொடர்கோடு இருக்கிறது.